'போக்கி'யும் 'தீப ஒளி'யும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பொங்கல் சிறப்பிதழில் வந்த பண்டிகைப் பெயர்கள் பற்றிய கட்டுரையில், 'போக்கி' என்பதே 'போகி' ஆயிற்று என்றும், 'தீப ஒளி' என்பது மருவித் 'தீபாவளி' ஆயிற்று என்றும் எழுதப்பட்டிருந்தது. இவ்விரண்டு விளக்கங்களும் மேடைகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் நெடுங்காலமாக உலவுகின்றன. முப்பது ஆண்டுகள் தமிழ் இலக்கணம் கற்பித்தவன் என்ற முறையில், அவை ஏன் பொருந்தவில்லை என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பொங்கலைப் பற்றிக் கட்டுரை கூறியது சரியே. 'பொங்கு' என்ற வினையடியோடு 'அல்' விகுதி சேர்ந்து அமைந்த தொழிற்பெயர் அது. பானை பொங்கும்போது 'பொங்கலோ பொங்கல்' என்று கூவுகையில் அச்சொல் இன்னும் செயலையே குறிக்கிறது. இலையில் பரிமாறும்போது, வற்றுதலைக் குறித்த 'வற்றல்' வற்றிய பண்டத்துக்கு ஆனதுபோல, தொழிலாகுபெயராகி உணவைக் குறிக்கிறது. 'பொங்கலுக்கு ஊருக்கு வா' என்னும்போது நாளையே குறிக்கிறது. இதே வேர்தான் கேரளத்தில் ஆற்றுக்கால் 'பொங்காலை'யிலும் இருக்கிறது. நம் 'பால்' கன்னடத்தில் 'ஹாலு' ஆனதுபோல, 'பொங்கு' அங்கே 'ஹொங்கு' என வழங்குகிறது.

போகிக்கு வருவோம். 'பழையன போக்கி' என்பது சுருங்கிப் 'போகி' ஆனதென்றால், நடுவிலிருந்த வல்லெழுத்து எங்கே போயிற்று? தமிழில் 'போகி' என்றால் 'சென்று'. 'போக்கி' என்றால் 'நீக்கி'. அந்த ஒரு ககர மெய்தான் தன்வினையையும் பிறவினையையும் பிரித்துக் காட்டுகிறது. அதை உதறிவிட்டால் பழைய பாயை எறிந்த நாள், பாயோடு நாமும் கிளம்பிப் போன நாளாகிவிடும். எழுத்தைவிட ஒலி இன்னும் தெளிவான சான்று. பண்டிகையின் பெயரை நாம் 'போ' என்று வல்லோசையாகத் தொடங்குவதில்லை. 'போகம்', 'பூமி' ஆகிய சொற்களில் வருவதுபோல மெல்லத் தொடங்குகிறோம். தமிழ்ச் சொற்களின் முதலில் பகரம் அப்படி ஒலிப்பதில்லையாதலால், இது வெளியிலிருந்து வந்த சொல் என்பது வாயைத் திறந்தவுடனேயே தெரிந்துவிடுகிறது. சங்கராந்திக்கு முந்தைய நாளை இதே பெயரால் கொண்டாடும் தெலுங்கர்களும் வடமொழிச் சொல்லுக்குரிய எழுத்துகளைக் கொண்டே அதை எழுதுகிறார்கள். போகத்தை நுகர்பவன் என்ற பொருளில் இந்திரனுக்குப் 'போகி' என்று பெயர். அந்த நாள் இந்திரனுக்கு உரியதாகக் கருதப்பட்டு வந்தது. இந்த இடத்தில் 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' என்ற நன்னூல் வரியையும் கட்டுரையாளர் துணைக்கு அழைத்திருக்கிறார். பவணந்தியார் அங்கே பேசுவது வழக்கொழியும் சொற்களையும் புதிதாக வந்து சேரும் சொற்களையும் பற்றியே. கிழிந்த பாயைப் பற்றி அல்ல.

'தீப ஒளி' என்ற விளக்கத்தைப் புணர்ச்சி விதியே தள்ளிவிடும். 'மரம்' என்பதோடு 'அடி' சேர்ந்தால், மகரம் கெட்டு வகர உடம்படுமெய் தோன்றி 'மரவடி' ஆகிறது. அவ்வாறே 'தீபம்' என்பதோடு 'ஒளி' சேர்ந்தால் 'தீபவொளி' என்றுதான் வர வேண்டும். 'தீபாவளி'யில் உள்ள நெடிலுக்கும், ஒகரம் அகரமானதற்கும் அந்த வழியில் விளக்கமே இல்லை. உண்மையில் அங்கே இருப்பது 'ஆவளி', அதாவது வரிசை. 'தீப' என்பதன் ஈற்று அகரமும் 'ஆவளி'யின் முதல் ஆகாரமும் சேர்ந்து ஒரே நெடிலாகின்றன. வடமொழியார் இதைத் தீர்க்க சந்தி என்பர். ஐயமிருந்தால், 'வம்சாவளி', 'நாமாவளி' என்று நாம் அன்றாடம் சொல்லும் சொற்களைப் பாருங்கள்: தலைமுறைகளின் வரிசை, பெயர்களின் வரிசை. தீபாவளி, விளக்குகளின் வரிசை. இந்தியில் 'தீவாலி' எனத் தேய்ந்து வழங்குவதும் இதே சொல்தான். உயிர்களுக்கு நடுவில் நின்ற பகரம் பிராகிருதத்தில் வகரமாயிற்று.

கட்டுரையாளர் தொடாத ஒன்று உண்டு. விளக்கு வரிசை என்று பெயர் கொண்ட நாளில் தமிழ்நாட்டு வீடுகளில் முதன்மையானது விளக்கு வரிசை அல்ல; ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசியன்று விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதும் புத்தாடை உடுத்துவதுமே. பெயருக்குரிய விளக்கு வரிசையை வடக்கே அமாவாசை இரவில் ஏற்றுகிறார்கள். நாம் வாசல் முழுக்க அகல் ஏற்றுவது அடுத்து வரும் கார்த்திகையில்தான். 'மறுகு விளக்குறுத்து' என்று தெருவெங்கும் விளக்கேற்றிய விழாவை அகநானூற்றின் 141ஆம் பாடலில் நக்கீரர் பாடும்போது, முழுமதி 'அறுமீன்' சேரும் இரவு என்றே அதன் நாளைக் குறிக்கிறார். அறுமீன் என்பது கார்த்திகை விண்மீனுக்குத் தமிழ் தந்த பெயர்.

'தீபஒளித் திருநாள்' என்று புதுப்பெயர் சூட்ட விரும்புவோர் சூட்டிக்கொள்ளலாம். அதுவே பழைய பெயரின் மூலம் என்று அச்சிட்டதை மட்டும் அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.