எங்கள் அறிக்கை நேராக உங்கள் கைக்கு வரட்டும்: ஆடிட் கமிட்டித் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் கமிட்டி உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். உங்கள் மில்லின் இன்டர்னல் ஆடிட்டர் எழுதுகிறேன். மில்லின் பெயரை நான் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், அது போதும். முறைப்படி இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டும் எந்த மேஜையில் நின்றன என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

போன கூட்டத்தில் உங்களில் ஒருவர் கேட்டாராம்: "ஸ்டேச்சுட்டரி ஆடிட்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்டர்னல் ஆடிட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் எப்படி வேஸ்ட் குடோனில் இத்தனை பணம் போனது?" இன்னொருவர், "எதுக்கு ரெண்டு ஆடிட்? ஒருத்தர்கிட்டயே கொடுத்துடலாமே" என்றாராம். முதல் கேள்வி நியாயமானது. அதில் ஒரு தவறு மட்டும் இருக்கிறது. இன்டர்னல் ஆடிட் சொன்னது. மூன்று முறை சொன்னது. அது உங்கள் கைக்கு வரவில்லை.

நடந்ததை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். நம் மில்லில் பஞ்சைச் சீவும்போது கழியும் கோம்பர் வேஸ்ட்டை எடைக்கு விற்கிறோம். லாரி வெறுமையாக வரும்போது எடை மேடையில் ஒருமுறை ஏறும், சரக்கு ஏற்றிப் போகும்போது இன்னொருமுறை ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் பில். போன ஜூலையில் எடைச் சீட்டுகளைத் தேதி வாரியாகப் பார்ப்பதை விட்டுவிட்டு லாரி எண் வாரியாக அடுக்கிப் பார்த்தேன். ஒரு லாரி நூல் ஏற்ற வந்த நாட்களில் வெறும் வண்டி எடை 6,420 கிலோ. அதே லாரி வேஸ்ட் ஏற்ற வந்த நாட்களில் 6,720, 6,730, 6,715. டீசல், தார்ப்பாய், ஸ்டெப்னி என்று எதைக் கணக்கில் சேர்த்தாலும் ஐம்பது அறுபது கிலோ வரலாம். முந்நூறு வராது. ஆர்.சி. புத்தகத்தில் இருந்த எடையும் 6,420-ஐ ஒட்டியே இருந்தது.

அன்று சாயங்காலம் வேஸ்ட் குடோனுக்குப் பின்னால் போனேன். சுவரோரம் ஆறு மணல் மூட்டைகள், ஈரமாக, வாய் கட்டி, வரிசையாகக் கிடந்தன. பக்கத்தில் கட்டட வேலை எதுவும் நடக்கவில்லை. வாட்ச்மேனிடம் கேட்டேன். "அது லாரிக்காரங்க எறக்கி வெச்சுட்டுப் போறதுங்க சார். திரும்ப வரப்ப எடுத்துக்குவாங்க" என்றார். அவருக்கு அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. மூட்டை ஒன்று ஐம்பது கிலோ, ஆறு மூட்டை முந்நூறு. மணலோடு மேடை ஏறினால் வெறும் வண்டி கனமாகத் தெரியும். மணலை இறக்கிவிட்டுச் சரக்கை ஏற்றினால் 300 கிலோ வேஸ்ட் பில்லில் வராமலே வெளியே போகும். கிலோ 110 ரூபாய், மாதம் மூன்று லாரி. மாதத்துக்கு 99,000 ரூபாய்.

இதை ஸ்டேச்சுட்டரி ஆடிட்டர் ஏன் பார்க்கவில்லை என்று அவர்மேல் கோபப்பட வேண்டாம். அவர் சரியாகத்தான் பார்த்தார். பில்லை எடுத்தார், எடைச் சீட்டோடு ஒப்பிட்டார், வங்கி வரவோடு ஒப்பிட்டார். மூன்றும் கிலோ சுத்தமாகப் பொருந்தின. பொருந்தாமல் எங்கே போகும்? மூன்றும் பிறந்தது அந்த ஒரே சீட்டில்தானே. கணக்கில் இருக்கும் எண்ணுக்கு ஆதாரம் இருக்கிறதா என்பது அவருடைய கேள்வி. அந்த எண் எப்படி வந்தது, நாளைக்கு யாராவது அதை வளைக்க முடியுமா என்பது எங்களுடைய கேள்வி.

அவருக்கு ஓர் அளவுகோலும் உண்டு. வரிக்கு முந்தைய லாபத்தில் ஐந்து சதவீதம் என்பது பலரும் தொடங்கும் இடம். நமக்கு லாபம் சுமார் 12 கோடி என்றால் அது 60 லட்சம். மொத்தக் கணக்கில் அந்த அளவுக்குத் தப்பு இருந்தால்தான் கணக்கைப் படிப்பவரின் முடிவு மாறும் என்று எடுத்துக்கொண்டு, அதற்குத் தகுந்தபடி மாதிரிகளைச் சோதிக்கிறார். வருஷத்துக்கு 12 லட்சம் போகும் ஓட்டை அந்தச் சல்லடையில் நிற்காது. அவர் அறிக்கையின் முதல் வரியைப் பாருங்கள், உறுப்பினர்களுக்கு, அதாவது பங்குதாரர்களுக்கு என்று இருக்கும். நியமிப்பது ஆண்டுப் பொதுக்குழு, பதில் சொல்வதும் அவர்களுக்கு. கணக்கு உண்மையான, நியாயமான தோற்றத்தைத் தருகிறதா என்ற ஒன்றுக்குத்தான் அவர் கையெழுத்து. குடோன் பூட்டு சரியா என்பதற்கு அல்ல. மோசடி அவர் கண்ணில் பட்டால் விஷயம் வேறு. ஒரு கோடியும் அதற்கு மேலும் என்றால் மத்திய அரசுக்கு, அதற்குக் கீழே என்றால் உங்களுக்கு அவர் சொல்லியே ஆக வேண்டும். அதற்கு முதலில் அது அவர் கண்ணில் பட வேண்டும்.

"ஒருத்தர்கிட்டயே கொடுத்துடலாம்" என்பதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். கம்பெனிச் சட்டம் 2013-இன் 144-ஆவது பிரிவு அதை அனுமதிப்பதில்லை. ஸ்டேச்சுட்டரி ஆடிட்டர் அதே கம்பெனிக்கு இன்டர்னல் ஆடிட் செய்யக்கூடாது. தான் போட்ட வேலையைத் தானே எப்படிச் சரிபார்ப்பார் என்பதுதான் காரணம். 200 கோடி விற்றுமுதலைத் தாண்டிய கம்பெனி என்பதால், 138-ஆவது பிரிவின்படி நமக்கு இன்டர்னல் ஆடிட் இல்லாமலும் முடியாது. இரண்டும் வேண்டும், தனித்தனியாக வேண்டும்.

சரி, ஜூலையில் கண்டுபிடித்ததை நான் என்ன செய்தேன்? நான்கு பக்கத்துக்கு எழுதினேன். லாரி எண், தேதி, எடை, மணல் மூட்டைப் படம் எல்லாம் வைத்தேன். நம் மில்லின் வழக்கப்படி வரைவு முதலில் நிதித் தலைவருக்குப் போனது. "கமிட்டிக்கு இதெல்லாம் எதுக்குங்க, சின்ன விஷயம், நாமே பார்த்துக்கலாம்" என்றார். இறுதி அறிக்கையில் அந்தப் பகுதியே இல்லை. அக்டோபரில் மறுபடியும் எழுதினேன். நான்கு பக்கம் ஒரே வரியானது: 'வேஸ்ட் விற்பனையில் எடைப் பதிவு முறையை மேம்படுத்தலாம்.' அதையும் குறைந்த ஆபத்து என்ற தலைப்பின் கீழ் கடைசியில் சேர்த்திருந்தார்கள். ஜனவரியில் அந்த வரியும் போனது. மார்ச்சில் கூலித் தகராறில் ஒரு டிரைவர் கேட்டில் நின்று சத்தம் போட்டபோதுதான் ஊருக்கே தெரிந்தது. ஜூலையிலிருந்து மார்ச் வரை எட்டு மாதம், எட்டு லட்சம். அந்த எட்டு லட்சம் என் கண் முன்னால் போனது. ஒவ்வொரு முறை அந்த லாரி உள்ளே வரும்போதும் எனக்குத் தெரியும்.

நிதித் தலைவர் அதில் பங்கு வாங்கினார் என்று நான் சொல்லவில்லை, நினைக்கவும் இல்லை. வேஸ்ட் விற்பனை அவர் துறையின் கீழ் வருகிறது. தன் துறையின் ஓட்டையைத் தானே கமிட்டிக்கு அனுப்ப யாருக்கும் கை வராது. என் சம்பள உயர்வைப் போடுவதும் அவர்தான். ஜனவரியில் அந்த ஒரு வரிக்காக நான் சண்டை போடவில்லை. அதை நான் மறைக்கப் போவதில்லை. யாருடைய வேலையைச் சோதிக்கிறேனோ அவரே என் அறிக்கையைத் திருத்துகிறார், என் வருமானத்தையும் முடிவு செய்கிறார். இந்த அமைப்பு இருக்கும்வரை எவ்வளவு நேர்மையான ஆளை என் நாற்காலியில் வைத்தாலும் இதுதான் நடக்கும்.

இதில் இன்னொரு கெடுதலும் நடந்திருக்கிறது. ஆடிட்டர் அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் சி.ஏ.ஆர்.ஓ. 2020 உத்தரவின்படி, இன்டர்னல் ஆடிட் அறிக்கைகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டாரா என்று ஸ்டேச்சுட்டரி ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும். அவர் கேட்டார், நாம் கொடுத்தோம். கொடுத்தது வெட்டிய அறிக்கை. ஆக, எங்கள் கண் பார்த்ததை அவர் கண்ணிலிருந்தும் நாமே மறைத்துவிட்டோம்.

2002-இல் அமெரிக்காவில் வேர்ல்ட்காம் கம்பெனியில் நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். அன்றாடச் செலவை மூலதனச் செலவாகக் காட்டி லாபத்தைப் பெருக்கியிருந்தார்கள். வெளி ஆடிட்டரான ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம் கையெழுத்துப் போட்டிருந்தது. இன்டர்னல் ஆடிட் தலைவர் சிந்தியா கூப்பரும் அவருடைய குழுவும் தோண்டினார்கள். அந்த ஆடிட்டைத் தள்ளிப் போடச் சொன்னவர் நிதித் தலைவர் ஸ்காட் சல்லிவன். நிர்வாக ரீதியாக கூப்பருக்கு மேலதிகாரியும் அவரே. கூப்பர் தள்ளிப் போடாமல் ஆடிட் கமிட்டித் தலைவரிடம் நேராகப் போனார். அந்த ஜூனில் கம்பெனி முதலில் ஒப்புக்கொண்ட தொகையே 380 கோடி டாலர். அந்தக் கதவு அவருக்குத் திறந்திருந்தது. எனக்கும் அந்தக் கதவைத்தான் கேட்கிறேன்: எங்கள் அறிக்கை நேராக உங்கள் கைக்கு வரட்டும்.

மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து மில்களில் இன்டர்னல் ஆடிட் என்றால் பணம் கொடுப்பதற்கு முன் பில்லில் டிக் போட்டு இனிஷியல் வைக்கும் ஆள் என்று ஆக்கிவைத்திருக்கிறார்கள். இங்கேயும் என் துறைப் பையன்கள் பாதி நாளை அதில்தான் கழிக்கிறார்கள். டிக் போட்ட பிறகு அந்தப் பில் எங்கள் வேலையும் ஆகிவிடுகிறது. அப்புறம் அதை நாங்கள் எப்படி ஆடிட் செய்வது? அது அக்கவுன்ட்ஸ் செய்ய வேண்டிய வேலை. எங்களை எடை மேடைக்கும் குடோனுக்கும் ஸ்டோருக்கும் போக விடுங்கள்.

நான் கேட்பது புதிதாக எதுவும் இல்லை. இன்டர்னல் ஆடிட் எதைப் பார்க்க வேண்டும், எப்போது, எப்படி என்பதை ஆடிட் கமிட்டியோ போர்டோ இன்டர்னல் ஆடிட்டரோடு கலந்து முடிவு செய்ய வேண்டும் என்று கம்பெனிக் கணக்கு விதிகளின் 13-ஆவது விதியே சொல்கிறது. நிதித் தலைவர் பதில் எழுதட்டும், மறுக்கட்டும், அதையும் அறிக்கையோடு சேர்த்தே வைக்கிறேன். துறையின் பதிலைக் கேட்பது ஆடிட்டின் ஒரு பகுதி. திருத்தும் பேனா மட்டும் அவரிடம் இருக்க வேண்டாம். என் நியமனம், மாற்றம், சம்பளம் பற்றிய முடிவு உங்கள் ஒப்புதலோடு நடக்கட்டும். காலாண்டுக்கு ஒருமுறை நிர்வாகத்தினர் யாரும் இல்லாமல் அரை மணி நேரம் என்னோடு பேசுங்கள். ஸ்டேச்சுட்டரி ஆடிட்டரையும் அந்த அரை மணியில் உட்கார வைத்தால் இன்னும் நல்லது.

கோபத்தில் வார்த்தை எங்காவது தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பதைத் திரும்பவும் பணிவாகவே கேட்கிறேன். எங்கள் அறிக்கை, வெட்டாமல், நேராக உங்கள் கைக்கு வரட்டும். அடுத்த கூட்டத்தன்று ஜூலை, அக்டோபர், ஜனவரி மூன்று வரைவுகளையும் எடைச் சீட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வராந்தாவில் இருப்பேன். கூப்பிட்டால் உள்ளே வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மில்லின் இன்டர்னல் ஆடிட்டர்