திருகோணமலையில் வேலை தேடுவோருக்குப் பட்டறை நடத்தும் வளவாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

உங்கள் பட்டறைக்கு வந்துபோகும் பிள்ளைகளில் சிலர் பிறகு என்னிடமும் வருகிறார்கள். கொழும்பில் ஆளெடுக்கும் வேலையில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால், சிவியைக் காட்டிக் கேட்க வருகிறார்கள். ஒரு பகுதியினர், "லிங்க்ட்இன்னில் ஒரு நாளைக்கு ஐம்பது ஈஸி அப்ளை தட்டச் சொன்னவை" என்கிறார்கள். மற்றப் பகுதியினர், "ஈஸி அப்ளை போட்டால் சோம்பேறி என்று நினைப்பினமாம், கம்பனியின் வெப்சைட்டில மட்டும் போட வேணுமாம்" என்கிறார்கள். இரண்டும் உங்கள் மேசையிலிருந்து வந்த புத்திமதிகள்தான். லிங்க்ட்இன்னை விட்டு வெளியே போகாமலே விண்ணப்பத்தை அனுப்பும் அந்த ஈஸி அப்ளை பட்டனை அமுக்கியபின் மறுபக்கத்தில் இருப்பவரின் திரையில் என்ன தெரிகிறது என்பதை மட்டும் எந்தப் பிள்ளைக்கும் யாரும் காட்டவில்லை.

அந்தத் திரையைச் சொல்கிறேன். ஈஸி அப்ளையில் வந்த விண்ணப்பங்களை ஆளெடுப்பவர் திறக்கும்போது முதலில் சிவி வருவதில்லை. பெயர்ப் பட்டியல்தான் வரும். ஒவ்வொரு பெயரோடும் படம், பெயருக்குக் கீழே இருக்கும் அந்த ஒற்றை வரி, ஊர். ஒரு பெயரைத் தட்டினால் புரொஃபைலில் உள்ள வேலைகளும் படிப்பும் சுருக்கமாக வரும். கம்பனி கேட்ட கேள்விகளுக்கு அவர் கொடுத்த பதில்களும் வரும். சிவியைப் பார்க்க இன்னும் கொஞ்சம் கீழே போக வேண்டும். நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கும் திங்கட்கிழமை காலையில், எல்லோருடைய சிவிக்கும் கீழே இறங்குவார்கள் என்று நம்பாதீர்கள். நானும் இறங்கியதில்லை.

ஆகவே ஈஸி அப்ளை என்றால் புரொஃபைலும் பதில்களும் போகின்றன, பின்னால் சிவி போகிறது என்று அர்த்தம். கம்பனியின் சொந்தப் பக்கத்தில் போட்டால் வேறு மாதிரி. அங்கே விண்ணப்பதாரர் நிரப்பிய படிவமும் அவர் ஏற்றிய சிவியும்தான் ஆளெடுப்பவரின் முன்னால் நிற்கின்றன. லிங்க்ட்இன் புரொஃபைலைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் தனியாகத் தேடிப் போக வேண்டும். விண்ணப்பம் எந்த வழியாக வந்தது என்று ஒரு குறிப்பும் பக்கத்தில் இருக்கும். அதைப் பார்த்து "இவர் சோம்பேறி, இவர் ஆர்வமுள்ளவர்" என்று பிரித்த யாரோடும் நான் வேலை செய்யவில்லை. எந்த விளம்பரத்துக்குக் காசு செலவழிக்கலாம் என்று கணக்குப் பார்க்கத்தான் அந்தக் குறிப்பு. சில கம்பனிகளில் ஈஸி அப்ளையில் வருவதும், கம்பனிப் பக்கத்து விண்ணப்பங்கள் சேரும் அதே மென்பொருளுக்குள் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். அது அப்படி இணைக்கப்பட்டிருக்கிறதா என்று விண்ணப்பிப்பவருக்கு வெளியிலிருந்து தெரியாது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் எங்கே கடிக்கிறது என்பதை ஒருவரின் கதையால் சொல்கிறேன். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

அன்புவழிபுரத்துத் தங்கச்சி ஒருவர். கணக்கியலில் உயர் தேசிய டிப்ளோமா முடித்து, நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் கணக்குப் பகுதியில் ஒரு வருடமும் எட்டு மாதமும் வேலை செய்திருந்தார். கொழும்புக் கம்பனியொன்று கணக்கு உதவியாளர் கேட்டிருந்தது, இரண்டு வருட அனுபவத்தோடு. இவர் பஸ்ஸில் இருந்தபடியே போனில் ஈஸி அப்ளையைத் தட்டினார். மூன்று கேள்விகள் வந்தன.

முதலாவது, `Are you comfortable commuting to this job's location?` திருகோணமலையிலிருந்து கொழும்புக்குத் தினமும் எப்படிப் போய்வருவது? நேர்மையான பிள்ளை, இல்லை என்று போட்டார். கொழும்பில் தங்கி வேலை செய்ய அவர் தயார்; வெள்ளவத்தையில் பெரியம்மா வீடும் இருக்கிறது. ஆனால் ஆம், இல்லை தவிர அங்கே எழுத இடமில்லை.

இரண்டாவது, கொள்வனவுக் கொடுப்பனவுக் கணக்கில் எத்தனை வருட அனுபவம் என்பது. அந்தப் பெட்டி முழு எண்ணை மட்டும்தான் ஏற்கும். ஒன்று எட்டு என்று போட முடியாது. ஒன்று என்று போட்டார். மூன்றாவது, உடனே வேலையில் சேர முடியுமா என்பது, ஆம் என்றார்.

இந்தக் கேள்விகளில் எது கட்டாயம் என்று கம்பனி குறித்து வைக்கலாம். கட்டாயக் கேள்வியில் தவறியவர்களைத் தனியே ஒதுக்கிவிடவும், சில நாள் கழித்து மறுப்பு மின்னஞ்சல் தானாகப் போகவும் அங்கே வசதி இருக்கிறது. தங்கச்சிக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. "என்ர சிவியில என்ன பிழை?" என்று கேட்டுத்தான் என்னிடம் வந்தார். சிவியை யாரும் திறந்ததாகவே தெரியவில்லை. திறந்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும்: முன்பு வரவேற்பு மேசை வேலைக்கு அனுப்பிய பழைய சிவிதான் தானாகத் தெரிவாகிப் போயிருந்தது. போனில் அவசரமாகத் தட்டும்போது, கடைசியாகப் பாவித்த சிவி ஏற்கெனவே டிக் போட்டபடி நிற்பது கண்ணில் படுவதில்லை.

சில வாரம் கழித்து அதே கம்பனி அதே மாதிரி ஒரு வேலைக்கு மறுபடி ஆள் கேட்டது. இம்முறை அவர்களின் சொந்தப் பக்கத்தில், மேசைக் கணினியில் இருந்து போட்டார். படிவம் வருட எண்ணிக்கையைக் கேட்கவில்லை. வேலை தொடங்கிய மாதத்தையும் வருடத்தையும்தான் கேட்டது. இருபது மாதத்தை இரண்டு வருடமாக எடுப்பதா விடுவதா என்பது அங்கே ஒரு மனிதரின் தீர்மானம். இடம்மாறத் தயாரா என்று தனிக் கேள்வி இருந்தது. சிறு குறிப்பு எழுதவும் பெட்டி இருந்தது. கொழும்பில் தங்க இடமுண்டு, இரண்டு வாரத்தில் வரலாம் என்று இரண்டு வரி எழுதினார். அழைப்பு வந்தது. நிலாவெளியில் சீசன் முடிந்ததும் கணக்குப் பகுதிக்கு என்ன வேலை என்று தொலைபேசியில் கேட்டார்களாம். அது சிவியை வாசித்தவர் கேட்கிற கேள்வி. கடைசியில் அந்தச் சம்பளத்துக்குக் கொழும்பு வேண்டாம் என்று தங்கச்சியே விட்டுவிட்டார், அது வேறு கதை.

இதை வைத்து "கம்பனிப் பக்கம்தான் நல்லது" என்று அடுத்த பட்டறையில் அறிவித்துவிடாதீர்கள். அந்தப் பக்கங்களுக்கும் தனி வில்லங்கம் உண்டு. வொர்க்டே போன்ற மென்பொருளில் ஒவ்வொரு கம்பனிக்கும் புதுக் கணக்குத் திறக்க வேண்டும். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் ஸ்பாமுக்குள் போய் விழும். சிவியை ஏற்றினால் படிவம் தானாக நிரம்பும், ஆனால் பக்கத்தை இடம் வலமாக இரண்டு நிரலாகப் பிரித்து அழகுபடுத்திய சிவி என்றால் கண்டபடி நிரம்பும். கம்பனிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பதவி, பதவியின் இடத்தில் ஊர். பிள்ளைகள் திருத்தாமல் அடுத்த பக்கம் போகிறார்கள். ஆளெடுப்பவர் தேடும்போது அந்தப் பெட்டிகளைத்தான் தேடுகிறார். போனில் பாதி நிரப்பும்போது சிக்னல் போய்விட்டால் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

பாதியில் விட்டதும் தெரியலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. வெளிப்பக்கத்துக்குக் கொண்டுபோகும் அப்ளை பட்டனை லிங்க்ட்இன்னில் அமுக்கும்போதே புரொஃபைலை வேலை போட்டவருக்குக் காட்டுவதற்கு ஒரு செட்டிங் உண்டு. அது ஆன் ஆக இருந்தால், விண்ணப்பத்தைத் தொடங்கியவர் என்று பெயர் அங்கே நிற்கலாம். இதனால் கெடுதல் என்றில்லை, சிலவேளை ஆளெடுப்பவர் தானே தொடர்புகொள்வார். ஆனால் புரொஃபைலில் இன்னும் "மாணவர்" என்று கிடந்தால், அந்த "மாணவர்"தான் அங்கும் போய் நிற்கும்.

ஈஸி அப்ளைதான் சரி என்ற இடமும் நம் ஊரிலேயே இருக்கிறது. உப்புவெளியில் ஒரு சிறிய ஹோட்டல், டைவிங் நடத்தும் ஒருவர், சாம்பல்தீவுப் பக்கம் புதிதாகத் தொடங்கிய ஒரு கடை. இவர்களுக்கு வேலைவாய்ப்புப் பக்கமே கிடையாது. முதலாளியே தன் போனில் விளம்பரம் போடுகிறார், விண்ணப்பம் வருவதையும் அதே போனில்தான் பார்க்கிறார். அங்கே ஊர் திருகோணமலை என்று இருப்பதே பாதி வேலையை முடித்துவிடும். கொழும்பு வேலைக்குக் குறுக்கே நின்ற அதே வரி இங்கே கைகொடுக்கிறது. பார்த்த அன்றே தட்டச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். லிங்க்ட்இன்னில் வேலையைப் பார்த்ததும் பட்டனைத் தொடாமல், கம்பனியின் பெயரைத் தேடி அவர்களின் சொந்தப் பக்கத்தில் அதே வேலை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதோடு உங்கள் விஷயத்தில் விளக்கம் தேவைப்படும் ஒன்றும் இருந்தால் (ஊர், சீசன் வேலை, குறைந்த மாதக் கணக்கு, இடைவெளி), அங்கேயே போடுங்கள். விளக்க எதுவுமில்லை, புரொஃபைலும் சிவியும் ஒன்றையொன்று ஒத்திருக்கிறது என்றால் ஈஸி அப்ளை போதும். ஒரே வேலைக்கு இரண்டு வழியிலும் போட வேண்டாம். வேறு வேறு மின்னஞ்சலில் போட்டால் இரண்டு ஆளாகத் தெரியும், பதில்கள் முரண்பட்டால் கேள்வி வரும்.

போய்வரும் கேள்விக்கு என்ன பதில் போடுவது என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். இடம்மாற உண்மையிலேயே தயாரென்றால் ஆம் என்று போடலாம் என்பது என் அபிப்பிராயம். கம்பனிக்குத் தெரிய வேண்டியது வேலை நாளில் நீங்கள் அங்கே இருப்பீர்களா என்பதே. ஆனால் சிவியின் முதல் வரியிலேயே கொழும்பில் தங்கி வேலை செய்யத் தயார் என்று எழுதியிருக்க வேண்டும். அனுபவ எண்ணிக்கையைக் கூட்டிப் போடுவதற்கு மட்டும் நான் உடன்படமாட்டேன். பெட்டியில் 2 என்று போட்டால், அதே திரையில் புரொஃபைல் `1 yr 8 mos` என்று தானே கணக்குப் போட்டுக் காட்டிவிடும்.

உங்களிடம் கேட்பது ஒன்று. அடுத்த பட்டறையில் ஐம்பது விண்ணப்பக் கணக்கை விட்டுவிட்டு, ஈஸி அப்ளையில் ஆள் எடுத்த ஒரு ஹோட்டல்காரரை அழைத்து, விண்ணப்பதாரர் பட்டியல் எப்படி இருக்கும் என்று திரையில் காட்டச் சொல்லுங்கள். பெயர்களையும் படங்களையும் மறைத்த ஸ்கிரீன்ஷாட் போதும். பிறகு பிள்ளைகள் இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் புரொஃபைலை மற்றவர் போனில் திறந்து, சிவியைப் பார்க்காமலே அழைப்பார்களா என்று சொல்லட்டும். நிலாவெளி ஹோட்டல்காரர்களில் இரண்டு பேரைக் கேட்டு வைத்திருக்கிறேன். சீசன் நேரம் அவர்களுக்குத் தலை நிமிர முடியாது, ஒக்டோபருக்குப் பிறகென்றால் வருகிறோம் என்கிறார்கள். திகதியை நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ஆளெடுப்பாளர் ஒருவர்
திருகோணமலை