வேண்டும், வேண்டாம்: பிரெஞ்சில் எது எவ்வளவு பலம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உங்கள் முதியோர் இல்லத்தில் நீ பயன்படுத்திய இரண்டு பிரெஞ்சு வாக்கியங்களையும் படித்தேன்; ஒன்று சனிக்கிழமை ஷிஃப்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மூத்த சக ஊழியருக்கு எழுதியது, மற்றது அங்கே தங்கியிருக்கும் பெரியவரின் மகளிடம் துண்டு கொண்டு வர வேண்டாம் என்று சொன்னது. இலக்கணத்தில் இரண்டிலுமே பிழை இல்லை, அங்கே வகுப்பில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். இருந்தும் உன் சக ஊழியர் முகம் திருப்பிக்கொண்டார், அந்தப் பெரியவரின் மகளும் கோபித்துக்கொண்டார். ஏன் என்று கேட்டிருந்தாய்.

நமக்கு 'வேண்டும்' என்ற ஒரே சொல் போதும். காபி வேண்டும், போக வேண்டும், நீ வர வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் இந்த வேலையை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: 'இல் ஃபோ', 'துவ்வார்', 'அவ்வார் பெஸ்வேன் து'. எது கடுமை, எது மென்மை என்று வரிசைப்படுத்தி மனப்பாடம் செய்யாதே. பாரத்தை யார் தலையில் வைக்கிறோம் என்று பார், பலம் தானாகப் புரியும்.

'துவ்வார்' ஆள்மீது வைக்கிறது. அதே வினைச்சொல்தான் கடன்பட்டிருப்பதற்கும். 'ஜ து துவா தி சேரோ' என்றால் உனக்குப் பத்து யூரோ தர வேண்டியிருக்கிறது என்று பொருள். நம் தமிழிலும் கடன் என்பது பணத்துக்கும் கடமைக்கும் பொதுவாக நிற்கிறதே, அப்படித்தான். ஆகவே 'வூ துவே' என்று ஒருவரிடம் சொன்னால், இது உங்கள் கடமை, நான் அதை உங்களுக்கு நினைவூட்டுகிறேன் என்று ஆகிவிடும். அரசு அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தில் அது சரி. உன்னைவிட மூத்தவரிடம், அதுவும் சனிக்கிழமை உன் ஷிஃப்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்போது, 'வூ துவே ம ராம்ப்ளாசே சாம்தி' என்று எழுதினால் எப்படி இருக்கும்? அவர் 'ஆ போன்?' என்று மட்டும் பதில் போட்டார் என்றாயே, அது 'அப்படியா?' என்று சாதாரணமாகக் கேட்டதில்லை. 'ஓகோ, நீயா எனக்குச் சொல்கிறாய்' என்பது.

'இல் ஃபோ' ஆள்மீது வைப்பதில்லை. அதிலுள்ள 'இல்' யாரையும் குறிக்காது. சூழ்நிலை அப்படிக் கேட்கிறது, அவ்வளவுதான். நம் 'வேண்டும்' என்பதற்கும் எழுவாய் தேவையில்லை என்பதால் இது உனக்கு எளிதாக வந்திருக்கும். கையைக் கழுவ வேண்டும், கதவைச் சாத்த வேண்டும் என்று பொதுவாகச் சொல்ல இதுதான். ஆளைச் சுட்ட வேண்டுமென்றால் 'இல் ஃபோ க த்யூ வியேன்', நீ வந்தாக வேண்டும். பேச்சில் 'இல்' உதிர்ந்து வெறும் 'ஃபோ' என்றுதான் காதில் விழும். செயல் நடந்தே ஆக வேண்டும் என்ற அளவில் இதன் பலம் 'துவ்வார்' அளவுக்கு வரும்; ஆனால் விரல் நீட்டுவதில்லை.

அதனாலேயே மேலதிகாரிகளுக்கு இது பிடிக்கும். உங்கள் தலைமைச் செவிலி ஊழியர் அறையில் வந்து 'இல் ஃபோத்ரே ரஃபேர் லே லி' என்கிறார் என்று வை. படுக்கைகளை மறுபடி போட்டால் தேவலை என்று யோசிப்பதுபோல்தான் ஒலிக்கும். அறையில் நீ இருக்கிறாய் என்றால் அந்த யோசனை உனக்குத்தான். 'ஃபோத்ரே' என்று மென்மையாக்கியது மரியாதைக்கு, வேலையைக் குறைக்க இல்லை. எழுந்து போய்ப் போடு.

'துவ்வார்' மட்டும் இப்படி மாற்றினால் உண்மையிலேயே இளகிவிடும். 'த்யூ துவா' கட்டளை. 'த்யூ தெவ்ரே' நான் உன் இடத்தில் இருந்தால் அப்படிச் செய்வேன் என்கிற அறிவுரை. சக ஊழியர் 'த்யூ தெவ்ரே த ரபோசே' என்றால், கொஞ்சம் ஓய்வெடு என்கிறார், வீட்டுக்கு அனுப்பவில்லை. இன்னொன்று, 'த்யூ துவா எத்ர் ஃபத்திகே' என்றால் நீ களைத்திருக்க வேண்டும் என்ற ஊகம். இங்கே கட்டளையே இல்லை. நம் ஊர் 'வேண்டும்' கூட இதே இரட்டை வேலையைச் செய்வதால் இதில் நீ தடுமாற மாட்டாய்.

மூன்றாவதில், தேவை பேசுகிறவருடையது. 'ஜே பெஸ்வேன் து தோர்மீர்', எனக்குத் தூங்க வேண்டும்போல் இருக்கிறது. இதில் மற்றவருக்கு எந்தக் கடமையும் இல்லை, உன் நிலைமையை மட்டும் சொல்கிறாய். சனிக்கிழமைக்கு இதுதான் பொருத்தம்: 'ஜோரே பெஸ்வேன் க வூ ம ராம்ப்ளாசியே சாம்தி, சி செ பொசிப்ல்'. 'ஜே' என்பதை 'ஜோரே' ஆக்கினால் கேட்பதில் தயக்கம் தெரியும், கடைசியில் 'முடிந்தால்' என்பது அவர் மறுக்கவும் வழி விடும். ஆனால் ஒன்று: மேலதிகாரி 'ஜே பெஸ்வேன் க வூ...' என்று தொடங்கினால் அது வேண்டுகோள் உடையில் வரும் உத்தரவு. சொல் ஒன்றுதான், அதன் பலம் யார் வாயிலிருந்து வருகிறது என்பதில்தான் இருக்கிறது.

இப்போது அந்தத் துண்டு விவகாரம். அதில்தான் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் விழுகிறார்கள், நான் வகுப்பில் பார்க்காததா. தன் அப்பாவுக்குத் துண்டு எடுத்து வரட்டுமா என்று பெரியவரின் மகளான அந்த அம்மா கேட்டார். உங்கள் முதியோர் இல்லத்திலேயே துண்டு கொடுப்பதால், கொண்டு வர வேண்டாம் என்று சொல்ல நினைத்தாய். 'வேண்டும்' என்பதற்கு 'இல் ஃபோ', அப்படியென்றால் 'வேண்டாம்' என்பதற்கு 'இல் ந ஃபோ பா' என்று மனம் தானே போட்டுக்கொண்டது. 'இல் ந ஃபோ பா அப்போர்தே து சேர்வியேத்'. அவர் காதில் விழுந்தது: துண்டு கொண்டு வரக் கூடாது. அப்பாவுக்கு வீட்டுத் துண்டைக் கொடுப்பதற்கும் தடையா என்று கோபம் வராமல் என்ன செய்யும்?

ஒரு செயலைப் பற்றிச் சொல்லும்போது 'இல் ந ஃபோ பா' பொதுவாகத் தடை. 'வூ ந துவே பா' என்பதும் தடைதான், அதைவிடக் கடுமை. கட்டாயமில்லை என்று சொல்ல மூன்றாவதுதான் கை கொடுக்கும்: 'வூ நாவே பா பெஸ்வேன் தாப்போர்தே து சேர்வியேத்', கொண்டு வரத் தேவையில்லை. 'வூ நேத் பா ஒப்லிஜே' என்றாலும் சரி. இன்னும் சாதாரணமாக 'செ பா லா பேன்', சிரமம் வேண்டாம். ஆனால் இதைச் சொல்லும்போது குரலைக் கவனி, சலிப்போடு வந்தால் 'விடு, பிரயோஜனமில்லை' என்று தொனிக்கும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி. வாயைத் திறக்கும் முன் உன் தமிழ் வாக்கியத்தில் 'வேண்டாம்' என்ற இடத்தில் 'கூடாது' என்று போட்டுப் பார். பொருள் மாறாமல் இருந்தால் 'இல் ந ஃபோ பா' தாராளமாகச் சொல். 'தேவையில்லை' என்று போட்டால்தான் பொருந்துகிறது என்றால் 'பெஸ்வேன்' பக்கம் போ. 'இன்ஹேலரைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம்' என்பது 'கூடாது' வகை. 'வரவேற்பறையில் கையெழுத்துப் போட வேண்டாம்' என்பது பெரும்பாலும் 'தேவையில்லை' வகை.

அந்த அம்மாவிடம் நாளைக்கே 'வூ நாவே பா பெஸ்வேன்' என்று திருத்திச் சொல்லிவிடு. துண்டு கொண்டு வந்தாலும் வாங்கி வை.

அப்புறம், உன் அம்மா முறுக்கு பார்சல் அனுப்புகிறாள். அந்த மூத்த ஊழியருக்கு ஒரு டப்பா கொடு. வாங்கியதும் 'ஓ, இல் ந ஃபாலே பா!' என்பார். இவ்வளவு நேரம் தடை தடை என்று எழுதினேனே, இது அது இல்லை. எதற்கு இதெல்லாம் என்கிற மரியாதைப் பேச்சு. டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடாதே.

அன்புடன்,
அப்பா