கறுப்புக் காரும் கச்சான் காற்றும்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய இரண்டு விற்ஸ் கார்களின் படங்களையும் பார்த்தோம், ஒன்று கறுப்பு, மற்றது முத்து வெள்ளை. அம்மா கறுப்பைத்தான் எடுக்கச் சொல்கிறாள். எட்டு வருசம் கறுப்புக் கார் ஓட்டி, போன வருசம் விற்றவன் நான். அதனால் எழுதுகிறேன்.

வெக்கைக்குப் பயந்து கறுப்பை விடாதே. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தார் ஒரே வகைக் கார்கள் இரண்டை, கறுப்பொன்றும் வெள்ளி நிறமொன்றும், கலிபோர்னியா வெயிலில் நிறுத்திப் பார்த்தார்கள். கறுப்பின் கூரை 25 பாகை வரை கூடச் சுட்டது. உள்ளே காற்றில் வித்தியாசம் ஐந்தாறு பாகைதான். வெயில் கண்ணாடி வழியாகவும் உள்ளே போகிறதல்லவா, அதற்கு வெளி நிறம் தெரியாது. வெள்ளைக் காரிலும் ஸ்டியரிங் சுடும். எதை வாங்கினாலும் முன் கண்ணாடிக்கு மறைப்பு ஒன்று வாங்கிக்கொள்.

என்னைக் கவிழ்த்தது தூசிதான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலையில் துடைத்த கார் மத்தியானம் மாப்பூசின மாதிரி நிற்கும். கடற்கரைப் பக்கம் நிறுத்தினால் உப்புத் துளி காய்ந்து வெள்ளைப் புள்ளி புள்ளியாய்த் தெரியும். பார்க்கச் சகிக்காமல் தினமும் காய்ந்த துணியால் துடைத்தேன். அந்தத் தூசியில் மணல் இருக்கிறது என்று யோசிக்கவில்லை. வாங்க வந்தவர் உச்சிவெயிலில் பொனற் மேல் குனிந்தார். சூரியன் தெறிக்கிற இடத்தைச் சுற்றிச் சிலந்திவலை மாதிரி மெல்லிய கீறல்கள். கறுப்பில் அது ஒளிந்துகொள்ளாது. பொலிஷ் செலவைச் சொல்லியே விலையைக் குறைத்துவிட்டார். வெள்ளையில் கிரவல் சேறு தெரியும், ஆனால் கழுவினால் போய்விடும். இந்தக் கீறல் வெள்ளையில் இருந்தாலும் இலேசில் கண்ணில் படாது.

சரி, அப்போ மற்றது முத்து வெள்ளை. அதில் வேறு சங்கடம். சாதா வெள்ளைக்கு நிறம் ஒரே பூச்சு. முத்து வெள்ளைக்கு அடிநிறம், அதன் மேல் மினுங்கும் பூச்சு, பிறகு கண்ணாடிப் பூச்சு. நடுப்பூச்சு கொஞ்சம் தடித்தாலோ மெலிந்தாலோ நிறம் மாறிவிடும். பம்பர் மட்டும் அடித்த கார்கள் நிழலில் ஒத்துப்போகும், வெயிலில் மஞ்சள் தட்டும். விற்கும்போது அதைக் கண்டவர், சின்ன உரசல்தான் என்று நீ சொன்னாலும் விபத்துக் கார் என்றே எண்ணுவார்.

பொனற்றுக்குள்ளோ கதவுத் தூணிலோ உள்ள தகட்டில் நிற எண் இருக்கும். ரொயோட்டாவில் 040 என்றால் சாதா வெள்ளை, 070 என்றால் முத்து வெள்ளை. என்னைக் கேட்டால் 040, இல்லாவிட்டால் வெள்ளி நிறம். வெள்ளியில் ஒரு கிழமைத் தூசி இருந்தாலும் அயலவர் கேட்கமாட்டார்கள்.

முத்து வெள்ளையைத்தான் பார்க்கப் போகிறாய் என்றால் பகல் பன்னிரண்டு மணிக்குப் போ. காரை வெளியே எடுக்கச் சொல்லி, முன் கதவும் பம்பரும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் நின்று படம் எடுத்து அனுப்பு.

அப்பா
திருகோணமலை