அறுபது பேருக்குப் போகிற அறிமுகம்

கிளிநொச்சி
புதன் பின்னேரம்

அன்பு மகள் வாசுகிக்கு,

நேற்றிரவு நீ வட்சப்பில் அனுப்பிய அறிமுக மின்னஞ்சலை இரண்டு தரம் வாசித்தேன். "பிள்ளை வடிவாத்தானே எழுதியிருக்கிறாள், விடுங்கோவன்" என்று அம்மா அடுப்படியில் நின்று சொன்னா. வடிவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் திணைக்களம் முழுக்க அறுபது பேருக்குப் போகிற கடிதம். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

நீ நிர்வாகத்துக்கு நன்றி சொல்லித் தொடங்கி, உயர்தரப் பெறுபேறு, பட்டம், பயிற்சி என்று போய், ஒன்பதாவது வரியில்தான் "கொள்வனவுப் பிரிவில் இணைந்துள்ளேன்" என்கிறாய். அங்கே என்ன வேலை என்று கடைசிவரை இல்லை. வாசிக்கிற ஆளுக்கு உன் பெறுபேறு தேவையில்லை, பிள்ளை. எந்த அலுவலுக்கு உன்னிடம் வரவேண்டும், உன்னை எங்கே பிடிக்கலாம் என்பதுதான் தேவை.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். நான் லிகிதராக ஒரு கந்தோருக்கு இடமாற்றமாகிப் போனபோது என்னை ஒருவருக்கும் அறிமுகப்படுத்தவில்லை. நானும் பேசாமல் மேசையில் இருந்துவிட்டேன். எனக்கு முதல் அந்த வேலையைப் பார்த்தவர் மாறிப் போனது மற்றப் பிரிவுகளுக்குத் தெரியாது. கடிதங்கள் அவர் பெயர் ஒட்டிய தட்டிலேயே விழுந்துகொண்டிருந்தன. மூன்றாம் கிழமை அந்தத் தட்டைக் கிளறியபோது ஒரு கமக்காரரின் விதைநெல் மானிய விண்ணப்பம் அடியில் கிடந்தது. மனுசன் அதற்காக மூன்று தரம் சைக்கிளில் வந்து, "அந்த ஐயா மாறிப் போட்டார்" என்ற பதிலோடு திரும்பியிருக்கிறார். மூன்று தரமும் நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். அந்தத் தாளின் மடிப்பில் படிந்திருந்த சிவப்புப் புழுதி இப்பவும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அதனால் உன் கடிதத்தை இப்படி மாற்றிப் பார்த்தேன். நீ இங்கிலீசில்தான் அனுப்புவாய், ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொள்.

பொருள்: புதிய அலுவலர் அறிமுகம் – வாசுகி, கொள்வனவு (வடக்கு, கிழக்கு இன்வொய்ஸ்)

அனைவருக்கும் வணக்கம்.
நான் வாசுகி. திங்கட்கிழமை முதல் கொள்வனவுப் பிரிவில் வேலை செய்கிறேன். வடக்கு, கிழக்கு விநியோகஸ்தர்களின் இன்வொய்ஸ்களைச் சரிபார்த்துக் கொடுப்பனவுக்கு அனுப்புவது என் பொறுப்பு. இதுவரை இதைப் பார்த்த நிரோஷன் களஞ்சியப் பிரிவுக்கு மாறியுள்ளார். அவரிடம் ஏற்கெனவே உள்ளவற்றை அவரே முடிப்பார். இன்று முதல் வருபவற்றை எனக்கு அனுப்புங்கள்.
இதற்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் இரண்டு வருடம் வேலை செய்தேன். ஊர் கிளிநொச்சி. விநியோகஸ்தர்களோடு தமிழில் கதைக்க வேண்டியிருந்தால் என்னைக் கேளுங்கள். சிங்களம் படித்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் மாடியில் பிரிண்டருக்குப் பக்கத்து மேசையில் இருப்பேன்.
நன்றி.
வாசுகி

இவ்வளவுதான். போனில் திறந்தால் விரலால் ஒருக்காத் தள்ள முடிந்துவிடும். பதவிப் பெயரும் உள்ளக இலக்கமும் கையொப்பத்தில் வரட்டும். உன் சொந்தக் கைபேசி இலக்கம் வேண்டாம், அறுபது பேருக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்க ஏலாது.

நிரோஷன் பற்றிய வரிதான் இதில் முக்கியம், அதிலேதான் பிழைக்கவும் இடமிருக்கிறது. எது அவருடையது, எது உன்னுடையது என்ற எல்லையை நீயாகப் போடாதே. உன் மேலதிகாரியிடமும் நிரோஷனிடமும் கேட்டு, அவர்கள் சொன்னபடி எழுது. எல்லை தெளிவில்லாவிட்டால் ஒரே இன்வொய்ஸை இரண்டு பேருக்கும் அனுப்பிவிடுவார்கள். இரண்டு பேரும் அனுமதித்தால் ஒரு பொருளுக்கு இரண்டு தரம் காசு போகும். மற்றவர் பார்ப்பார் என்று இரண்டு பேரும் இருந்தால், வவுனியாவில் ஒரு கடைக்காரர் காசுக்குக் காத்திருப்பார். அனுப்பிய பிறகும் நிரோஷனுக்குப் புதிய இன்வொய்ஸ் போய்க்கொண்டிருந்தால், அந்த வரி ஆட்களுக்கு விளங்கவில்லை என்று அர்த்தம். அனுப்பினவரிடம் நேரே போய்ச் சொல்லு.

பெயர் விஷயத்தையும் கவனி. அவர்களின் முறைமையில் என் பெயர் முன்னும் உன் பெயர் பின்னுமாகப் பதிந்திருக்கும். எங்கள் வழக்கம் தெரியாத ஆட்கள் என் பெயரைச் சொல்லித்தான் உன்னைக் கூப்பிடுவார்கள், ஆம்பிளை என்றும் நினைப்பார்கள். அதனால்தான் "நான் வாசுகி" என்று தனி வசனமாக வைத்தேன். எப்படிக் கூப்பிட வேண்டும் என்பது அதிலேயே விளங்கிவிடும்.

"அனுபவம் குறைவு, பிழை விட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று நீ எழுதியதை எடுத்துவிட்டேன். உன் பணிவு எனக்குத் தெரியும். ஆனால் இன்னும் ஒரு இன்வொய்ஸும் பார்க்காத முதற்கிழமையில் காசு அலுவல் பார்க்கிற ஆள் அப்படி எழுதினால், நீ சரிபார்த்ததைக் கணக்குப் பிரிவு இன்னொருக்காச் சரிபார்க்கும்.

ஊர் பற்றி ஒரு சொல். நீ இடம்பெயர்ந்தது, முகாமில் இருந்து படித்தது எல்லாம் ஒரு பந்தியாக எழுதியிருந்தாய். வாசிக்கையில் எனக்குத் தொண்டை அடைத்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மறைக்கவும் தேவையில்லை. ஆனாலும் அது முகம் தெரியாத அறுபது பேர் தேத்தண்ணி குடித்தபடி வாசித்துவிட்டு அடுத்த மின்னஞ்சலுக்குப் போகிற இடத்தில் கிடக்க எனக்கு மனமில்லை. "ஊர் கிளிநொச்சி" என்று நிறுத்து. பக்கத்து மேசைக்காரி ஆறுதலாக இருந்து கேட்டால், உனக்கு விருப்பமென்றால் அவளுக்குச் சொல்லு.

அனுப்புவதை நாளை வியாழன் காலமை பத்து மணியளவில் வைத்துக்கொள். வெள்ளி போயா லீவு, பின்னேரம் அனுப்பினால் திங்கள் குவியலில் அடிபட்டுப் போகும். அதற்கு முதல் மேலதிகாரியிடம் "நீங்கள் அறிமுகம் அனுப்பிறீங்களா, நான் அனுப்பட்டா?" என்று கேள். அவர் அனுப்புவதென்றால் உன் கடிதம் அதற்குப் பிறகு போகட்டும்.

திணைக்களக் குழு முகவரிக்குள் வெளி ஆட்கள், விநியோகஸ்தர்கள் யாராவது இருக்கிறார்களா என்றும் பார். அவுட்லுக்கில் குழுப் பெயருக்குப் பக்கத்துக் கூட்டல் குறியை அழுத்தினால் உள்ளே இருக்கிற பெயர்கள் விரியும். விரித்தால் திரும்ப மூடாது, அதனால் வேறொரு வெற்று மின்னஞ்சலில் விரித்துப் பார்த்துவிட்டு அதை அழித்துவிடு. கடைசி நாலு வருடம் கந்தோரில் நான் செய்தது அப்படித்தான். வாழ்த்து எழுதுகிறவர்களுக்கு எல்லோருக்கும் போகிற மாதிரிப் பதில் போடாதே. அவரவருக்குத் தனியாக ஒரு வரி போதும்.

அனுப்ப முதல் திருத்தினதை எனக்கு ஒருக்காக் காட்டு. எட்டு மணிவரை வீட்டில் நிற்பேன், பிறகு வயலுக்கு மருந்தடிக்கப் போகவேண்டும். சனிக்கிழமை பஸ்ஸில் அம்மா மாவும் கச்சானும் போட்டு விடுகிறா. கச்சானில் ஒரு பை நிரோஷனுக்குக் கொடு.

அன்புடன்
அப்பா