படம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

சென்ற இதழின் வீட்டுப் பராமரிப்புப் பக்கத்தில், கமோடின் சீட் உடைந்தால் செல்போனில் ஒரு படம் எடுத்துக் கடைக்கு அனுப்பினால் போதும், பொருத்தமானது வந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். மயிலாடுதுறையில் சானிட்டரி கடை நடத்துகிறவன் என்ற முறையில் இதை மறுக்க வேண்டியிருக்கிறது. நாள் தவறாமல் இப்படிப் படங்கள் வருகின்றன. பாதிப் படங்கள் வாசலில் நின்று சாய்வாக எடுத்தவை. அந்தக் கோணத்தில் வட்டமும் நீள்வட்டமாகத்தான் தெரியும். மஞ்சள் பல்பு எரிந்தால் வெள்ளைக் கமோடும் ஐவரி நிறமாகிவிடும்.

பீங்கானில் பெயர் இருக்கிறதே என்பார்கள். இருக்கும்தான். சீட்டுக்கும் தொட்டிக்கும் நடுவிலோ, கிண்ணத்தின் பக்கவாட்டிலோ முத்திரை இருக்கும். வடலூரில் தயாரான நைசர் கமோடுகள் எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் உழைக்கின்றன. ஆனால் முத்திரை பெரும்பாலும் கம்பெனியைச் சொல்லுமே தவிர மாடலைச் சொல்லாது. மாடல் பெயர் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் முதல் கழுவலிலேயே போயிருக்கும். தொட்டியின் மூடியைத் தூக்கி, அதன் அடிப்பக்கத்தையும் தொட்டியின் உட்சுவரையும் படம் எடுத்தால் சிலவற்றில் எண் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அளவுதான் கதி.

தரங்கம்பாடியில் தனியாக இருக்கும் ஓர் அம்மாவுக்காக, சிங்கப்பூரிலிருந்து அவருடைய மகன் படம் அனுப்பினார். இணையத்தில் பார்த்த ஒரு சீட் அச்சு அசலாக அதே மாதிரி இருக்கிறது, அதையே வாங்கட்டுமா என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பையனை விட்டு, சீட்டையும் மூடியையும் தூக்கி நிறுத்தி, கிண்ணத்தின் மேல் அளவு நாடாவை வைத்து, நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பின்பக்கத் துளைகள் இரண்டுக்கும் இடையே மையத்திலிருந்து மையம் 15.5 செ.மீ. இதில் சிக்கல் இல்லை. பல சீட்டுகளின் கீலை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொள்ளலாம். துளைகளை இணைக்கும் கோட்டிலிருந்து முன் விளிம்பு வரை 45 செ.மீ. இருந்தது. அவர் பார்த்து வைத்திருந்த சீட்டின் நீளமோ 42. நீளத்தை எந்தக் கீலாலும் கூட்ட முடியாது. அதை மாட்டியிருந்தால் முன்னால் மூன்று செ.மீ. பீங்கான் வெளியே தெரியும். அதைவிட மோசம், சீட்டின் அடியில் இருக்கும் ரப்பர் கட்டைகள் விளிம்பின் மேல் சரியாக உட்காராமல், கனமானவர் அமர்ந்தால் சீட் விரிசல் விடும்.

துளைக்கும் தொட்டிக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் கேட்டு வாங்கினேன். இதை யாரும் அளப்பதில்லை. மெதுவாக இறங்கும் வகை மூடிகளுக்குக் கீல் பருமனாக இருக்கும். பின்னால் இடம் குறைந்தால் மூடி தொட்டியில் முட்டி, நிமிர்ந்து நிற்காமல் தானாக விழும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அது தொல்லை. அடுத்து, கிண்ணத்தின் அடியில் கை விட்டு நட்டை முடுக்க வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுவரில் பொருத்திய கமோடுகள் பலவற்றிலும், பக்கங்கள் மூடிய சிலவற்றிலும் அந்த வழி இருக்காது. அவற்றுக்கு மேலிருந்தே முடுக்கும் போல்ட் வேண்டும். கடலோர ஊர்களில் இரும்பு போல்ட் துருப்பிடித்து நட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், அந்த அம்மாவுக்குப் பிளாஸ்டிக் போல்ட் வைத்த சீட்டையே கொடுத்தேன்.

ஃபிளஷ் விஷயத்தில் படம் இன்னும் குறைவாகவே உதவும். தண்ணீர் ஒழுகுகிறது என்றதும் உள்ளே இருக்கும் செட் முழுவதையும் மாற்றிவிடுகிறார்கள். முதலில் தொட்டிக்கு வரும் குழாயை மூடிவிட்டு, நீர்மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். மட்டம் இறங்கினால் பெரும்பாலும் அடி வால்வின் வாஷர்தான் போயிருக்கிறது. இறங்காமல், குழாயைத் திறந்ததும் நடுவில் இருக்கும் வழிந்தோடும் குழாய்க்குள் நீர் விழுந்தால், மிதவை வால்வு நிற்கவில்லை என்று அர்த்தம். எங்கள் உப்புத் தண்ணீரில் வாஷரின் மேல் வெள்ளைப் படிவு கட்டுவது சகஜம். கழுவினாலே சரியாகிவிடுவதும் உண்டு. வாஷரை மாற்றுவதென்றால் படம் வேண்டாம், பழையதையே கழற்றிக் கொண்டுவாருங்கள். முழு வால்வு வேண்டுமென்றால் தொட்டியின் அடியிலிருந்து மூடி வரையுள்ள உயரமும், மூடியில் பட்டன் உட்காரும் துளையின் விட்டமும் தெரிய வேண்டும். பட்டன் ஒன்றா இரண்டா என்பது பிறகுதான்.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது, அளவெடுக்க வேண்டிய இடங்களை அம்புக்குறியிட்டு ஒரு கோட்டோவியமும் வெளியிடுங்கள். வெட்டி எடுத்துக் கடைச் சுவரில் ஒட்டிக்கொள்கிறேன்.

சானிட்டரி பொருள் விற்பனையாளர்,
மயிலாடுதுறை