யாங்கூனிலிருந்து பால்வாடி டீச்சருக்கும் ஆயாம்மாவுக்கும்

நேற்று ராத்திரிதான் முழுசாகத் தூங்கினேன். பேத்தி எடை ஏறாமல் நின்று ஆஸ்பத்திரி வரைக்கும் போனது நம்ம சனங்கள் எல்லோருக்கும் தெரியும், முழுக்கதையைத் திரும்ப எழுதவில்லை.

டீச்சர், பரமக்குடிப் பக்கத்துக் கிராமத்துக்கு மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, கரண்ட் இருக்கும் நேரம் பார்த்துப் போனில் பாட்டி வேலை பார்க்கிறவள் நான். ஆறாம் மாதம் பிள்ளை 6.4 கிலோ. ஒன்பதாம் மாதமும் அதே 6.4. "எடை குறையலையே, அப்புறம் என்ன?" என்று நான்தான் வாதாடினேன். நீங்கள் எடை குறிக்கும் அட்டையை கேமரா முன்னால் பிடித்து, வளர்ச்சிக் கோட்டை விரலால் தடவிக் காட்டினீர்கள். எண் மாறவில்லை; ஆனால் வயது ஏற ஏற புள்ளி பச்சையிலிருந்து மஞ்சளுக்கு நகர்ந்திருந்தது. மேல்கைச் சுற்றளவு பார்க்கும் பட்டையும் 12 சென்டிமீட்டரில் மஞ்சளில்தான் நின்றது.

அப்புறம் நேரே அடுப்படிக்குப் போனீர்கள். மகள் கரைத்து வைத்திருந்த சத்துமாவுக் கஞ்சியைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்தீர்கள். தண்ணீராக ஓடியது. "பிள்ளைக்கு வயிறு கைப்பிடி அளவுதான். இதைக் குடிச்சதும் ரொம்பிடும், ஆனா உள்ள போறதெல்லாம் தண்ணி" என்றீர்கள். நீங்களே மாவைக் கெட்டியாகக் கிண்டி, ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டு, மறுபடி சாய்த்துக் காட்டினீர்கள். கரண்டியிலேயே நின்றது.

அந்த நேரத்தில் எனக்கு முகம் வெளிறிப்போனது. தொண்டையில் சிக்கும், பால் மாதிரி கரைத்துக் கொடு என்று மகளிடம் சொன்னவளே நான்தான். மகளும் பட்டென்று "எங்கம்மாதான் சொன்னாங்க" என்றாள். நீங்கள் சிரித்துக்கொண்டே, "அம்மா தொண்டைக்குப் பயந்து சொன்னாங்க. இப்ப ஒன்பது மாசம், மசிச்சுக் கெட்டியா குடுத்தா முழுங்கும்" என்று முடித்துவிட்டீர்கள். அந்தப் பேச்சை அதற்குமேல் யாரும் எடுக்கவில்லை. சம்பந்தி வீட்டார் முன்னால் என் தலை கவிழாமல் காப்பாற்றியதை நீங்கள் கவனித்திருக்கவே மாட்டீர்கள்.

ஆயாம்மா, பேத்தியின் சத்துமாவை மகளின் மூத்த பையன் உருண்டை பிடித்துத் தின்கிறான் என்று கண்டுபிடித்தது நீங்கள். தினமும் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்து, "நீ சாப்பிட்டியா?" என்று மகளிடமும் கேட்டீர்களாம். அதை என்னிடம் சொல்லும்போது அழுதுவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டிய பக்கத்து வீட்டுத் தம்பி, ஊர் நர்சம்மா, இங்கே கோயிலில் பணம் திரட்டிய அண்ணன்மார்கள் எல்லோருக்கும் என் கும்பிடு.

போன வாரம் 6.9 கிலோ. புள்ளி மறுபடி பச்சையில்.

வழி கிடைத்ததும் வருகிறேன். உங்களுக்கு லஃபெட் கொண்டுவருவேன், புளித்த தேயிலை, முதல் வாய் பிடிக்காது. அடுத்த எடை போடும் நாளில் போனைத் தராசுப் பக்கம் திருப்பி வையுங்கள் டீச்சர், நானும் பார்க்க வேண்டும்.